நல்ல வேலையை ஏன் விடுறீங்கன்னு கேட்டா, அந்த வேலையைக் குறை சொல்லாம என்ன பதில் சொல்றது?

வவுச்சர் | மார்ச் 3, இரவு 9.40

ஆறு வருஷமா ஒரே கம்பெனியில அக்கவுண்ட்ஸ். வெண்டர் பில், பேங்க் ரிகன்சிலியேஷன், மாசக் கடைசி க்ளோசிங். சம்பளம் தேதி தவறினதில்ல, மேனேஜரோட மனஸ்தாபம் இல்ல, ஆள்குறைப்புப் பேச்சும் இல்ல. காஸ்டிங் பக்கம், அதாவது ஒரு பொருளைத் தயாரிக்க எவ்வளவு செலவாகுதுன்னு கணக்கிடுற வேலைக்குப் போகணும்னு ஆசை. அடுத்த வாரம் ஒரு உற்பத்திக் கம்பெனியில அந்த வேலைக்கு இன்டர்வியூ.

போன மாசம் வேறொரு இடத்துல இந்தக் கேள்விக்கு நான் சொன்னது இது:

"இப்ப இருக்கிற கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி, எல்லாரும் நல்லவங்க. ஆனா அங்க பில் என்ட்ரி மட்டும்தான். ஆறு வருஷமா அதே வேலை. வளர்ச்சிக்கு வாய்ப்பு இல்ல. அதனால சேலஞ்சிங்கான வேலை தேடறேன்."

உடனே மூணு கேள்வி வந்துச்சு. "உள்ளேயே கேட்டுப் பார்த்தீங்களா?" "ஏன் இப்போ?" "உங்க கம்பெனியில சம்பளம் கூட்டிக் கொடுத்தா இருந்துடுவீங்களா?" மூணுக்கும் தடுமாறினேன். நான் யாரையும் குறை சொல்லலையே, அப்புறம் ஏன் இவ்வளவு துருவினாங்க?

நேர்கோடு | மார்ச் 3, இரவு 10.15

பழைய வேலையைப் பத்தி வாயே திறக்காதீங்க. "உங்க கம்பெனியில காஸ்டிங் பெருசா நடக்குது, அதுல சேரணும்"னு சொல்லிட்டு நிறுத்திடுங்க. போற இடத்தைப் பத்திப் பேசினா குறை எங்கிருந்து வரும்?

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 4, காலை 7.05

பதினோரு வருஷமா ஆள் எடுக்கும் மேசையில் உட்காருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வவுச்சர், உங்கள் பதிலில் குறை இருக்கிறது. ஆளைக் குறித்து இல்லை, சொல்லுக்குள் ஒளிந்து இருக்கிறது. "பில் என்ட்ரி மட்டும்தான்" என்பதில் வரும் "மட்டும்தான்", "அதே வேலை" என்பதில் வரும் "அதே", இரண்டும் தமிழில் சலிப்பைச் சொல்பவை. "பில் என்ட்ரி பார்க்கிறேன்" என்றால் தகவல். "பில் என்ட்ரி மட்டும்தான்" என்றால் புகார். ஆங்கிலத்தில் யோசித்துப் பேசுகிறவர்கள்கூட "ஒன்லி", "ஜஸ்ட்" என்று இதே இடத்தில் சறுக்குவார்கள்.

அடுத்து "வளர்ச்சிக்கு வாய்ப்பு இல்ல". இது கம்பெனியின் மேல் ஒரு தீர்ப்பு. கேட்பவருக்கு உடனே தோன்றுவது, "நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வாரோ" என்பது.

"ரொம்ப நல்ல கம்பெனி, ஆனா" என்று தொடங்கியதும் உதவவில்லை. பொதுவான பாராட்டுக்குப் பிறகு "ஆனா" வந்தால் பாராட்டு அங்கேயே செத்துவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே மேல்.

அந்த மூன்று கேள்வியும் உங்களை மடக்கக் கேட்டவை அல்ல. நிலையான வேலையை விட்டு வருகிறவரிடம் எங்களுக்கு மூன்று பயம் உண்டு. ஆசைப்படும் வேலை உள்ளேயே கிடைத்துவிட்டால் வரமாட்டார். ஏதோ நடந்திருக்கிறது, மறைக்கிறார். எங்கள் ஆஃபரைக் காட்டி அங்கே சம்பளத்தைக் கூட்டிக்கொண்டு தங்கிவிடுவார். மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிய செலவு. நோட்டீஸ் காலம் முழுக்கக் காத்திருந்து, சேர வேண்டிய நாளன்று "வரலை" என்று போன் வந்தால் மொத்தத் தேடலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நேர்கோடு சொல்வது பாதி சரி. போகும் இடத்தைச் சொல்வதுதான் பதிலின் முதுகெலும்பு. ஆனால் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அந்த மூன்று பயமும் அப்படியே நிற்கும். நான் அதே கேள்வியை வேறு சொற்களில் இரண்டாம் முறை கேட்பேன். அப்போது யோசிக்காமல் வாயில் வருவதுதான் "மட்டும்தான்".

எழுதிப் பார்க்கும் முன் நான்கு விவரம் வேண்டும், உள்ளது உள்ளபடி. உங்கள் கம்பெனியில் காஸ்டிங் யார் செய்கிறார்கள், எங்கே? நீங்கள் அந்த வேலையைக் கேட்டதுண்டா? சமீபத்தில் எது முடிந்தது, எது மாறியது? அடுத்த வாரம் போகும் இடத்தின் வேலை விவரத்தில் எந்த வரி உங்களை இழுத்தது?

இரவுப்பணி | மார்ச் 4, மதியம் 1.30

என் விஷயம் வேற. வேலை நல்லாத்தான் இருக்கு, மூணு ஷிப்ட் மாறி மாறி வருது. வீட்டுல வயசான அம்மா, ராத்திரியில கூட ஆள் வேணும். "குடும்பக் காரணம்"னு சொன்னா பாவம்னு எடுத்துக்குவாங்களா, இல்ல அடிக்கடி லீவு போடுற ஆள்னு நினைப்பாங்களா?

ட்ராஃப்ட்_2 | மார்ச் 4, மாலை 6.10

நானும் இதே குழப்பத்துலதான் இருக்கேன். ராஜினாமா கடிதத்துல காரணம் எழுதும்போது கம்பெனி மனசு நோகாம எப்படி எழுதுறது? ஒன்றரைப் பக்கம் வந்துடுச்சு, இன்னும் முடியல.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 4, இரவு 8.50

ட்ராஃப்ட், இங்கே பேசுவது இன்டர்வியூவில் சொல்லும் பதில். உங்கள் கேள்விக்கு விடை சின்னது. ராஜினாமா கடிதத்தில் காரணமே வேண்டாம். பதவியிலிருந்து விலகுகிறேன் என்பது, எந்தத் தேதி கடைசி நாள் என்பது, பொறுப்புகளை ஒப்படைக்கத் தயார் என்பது. மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுதுவதெல்லாம் உங்கள் கோப்பில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒன்றரைப் பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் இந்த இழைக்கு வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மேனேஜரிடம் வாயால் சொல்லும் காரணமும் இன்டர்வியூவில் சொன்ன காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். புது இடத்தில் "காஸ்டிங் கற்க வருகிறேன்" என்றும், பழைய மேனேஜரிடம் "வீட்டில் பிரச்சினை" என்றும் சொன்னால், ரெஃபரன்ஸுக்குப் போன் போகும்போது இரண்டும் மோதும். "வீட்டுச் சூழ்நிலை சரியாயிடுச்சா?" என்று மேனேஜர் அக்கறையோடு கேட்பார். எங்கள் பக்கத்தில் ஒருவர் புருவத்தை உயர்த்துவார்.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 4, இரவு 9.20

இரவுப்பணி, ஷிப்ட் என்பது வேலையின் நிபந்தனை. நிபந்தனையைச் சொல்வது குறை ஆகாது, அதை வர்ணிக்காதவரை. "தூக்கமே இல்லை, உடம்பு போச்சு" என்பது வர்ணனை. "இப்போது மூன்று ஷிப்ட், பகல் பணி எனக்குத் தேவை" என்பது தகவல். உங்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பகல் பணி என்று மட்டும் சொன்னால், பகலில் திறந்திருக்கும் எந்தக் கம்பெனியும் உங்களுக்குச் சரி என்று ஆகிவிடும். முதலில் அந்த வேலையின் எந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்துகிறது என்று சொல்லுங்கள். ஷிப்ட் இரண்டாவதாக வரட்டும். அம்மாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தெற்கு வாசல் | மார்ச் 4, இரவு 10.02

அம்மா விஷயத்துல எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை மறைச்சா "ஏன் பகல்தான் வேணும்?"னு அடுத்த கேள்வி வரும். அப்போ மழுப்பினா இன்னும் மோசம். ஒரு வரியில சொல்லிடலாம்: "வீட்டுல ராத்திரி நான் இருக்கணும், அது மாறாது." கேட்டவர் ஷிப்ட் வேலைக்கு மாத்தலாம்னு நினைச்சிருந்தா அப்பவே தெளிவாயிடும்.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 4, இரவு 10.30

அந்த ஒரு வரி நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட மேல். நான் பயந்தது, ஒரு வரி பத்து வரியாக நீளும் என்று. யாருக்கு என்ன உடம்பு என்பது இல்லாமலே அது முழுசாக நிற்கிறது.

வவுச்சர் | மார்ச் 5, இரவு 9.15

நாலு விவரம்:

காஸ்டிங் தலைமை அலுவலகத்துல ரெண்டு பேர் பார்க்கிறாங்க. நான் இருக்கிறது கிளை. போன வருஷம் ஒரு தடவை மேனேஜர்கிட்ட கேட்டேன், அவர் விசாரிச்சுட்டு இப்போதைக்கு இடம் இல்லன்னார். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் டிசம்பர்ல பாஸ் பண்ணினேன். கணக்கு சாஃப்ட்வேர் மாத்துற வேலை என் பொறுப்பு, ஜனவரியில முடிஞ்சது. போற இடத்தோட வேலை விவரத்துல "மாதாந்திர வேரியன்ஸ் அறிக்கை தொழிற்சாலையிலேயே தயாரித்தல்"னு இருக்கு. திட்டமிட்ட செலவுக்கும் உண்மையில ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுற அறிக்கை அது. அந்த வரிதான் இழுத்துச்சு.

இதை வெச்சு மாத்தி எழுதினேன்:

"எனக்கு காஸ்டிங் கத்துக்கணும். அங்க அந்த வேலையை எனக்குக் கொடுக்கல. கேட்டும் பார்த்தேன். உங்க கம்பெனியில அது கிடைக்கும்னு நினைக்கிறேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 6, காலை 6.55

விவரம் அருமை. பதில் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. வாக்கியத்தின் எழுவாய் யார் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

"எனக்குக் கொடுக்கல" என்பதில் கொடுக்காதவர்கள் "அவர்கள்". சொல்லாவிட்டாலும் கேட்பவர் காதில் விழும். "எனக்குக் கிடைக்கல" என்று மாற்றினாலும் ஏமாற்றம் போகாது, "எனக்கு" அங்கேயே இருக்கிறது. "காஸ்டிங் தலைமை அலுவலகத்தில் நடக்கிறது" என்று சொல்லுங்கள். இப்போது எழுவாய் காஸ்டிங். யாரும் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை, வேலை வேறொரு கட்டடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மேனேஜர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் "ஆமாம், அப்படித்தான்" என்று தலையாட்டுவாரா என்பதை ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பாருங்கள். "கொடுக்கல" என்றால் அவர் முகம் சுருங்கும். "அங்கே நடக்கிறது" என்றால் தலையாட்டுவார்.

இன்னொன்று, "கத்துக்கணும்". சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பவருக்கு நீங்கள் கற்பது இரண்டாம் பட்சம். ஆறு வருஷத்தில் நீங்கள் ஏற்கனவே பிடித்து வைத்திருப்பதில் எது அங்கே பயன்படும்? பில்லையே பார்த்துப் பழகியவருக்கு, மூலப்பொருள் விலை எப்போது ஏறுகிறது, சரக்குக் கட்டணம் எந்த பில்லில் சேர்ந்து வருகிறது, எதில் தனியாக வருகிறது என்பதெல்லாம் கைவசம் இருக்கும். வேரியன்ஸ் அறிக்கை போடுகிறவருக்கு அது தங்கம். பழைய வேலையைப் பாராட்டும் வரி அதுதான்: அங்கே என்ன கற்றேன், அது இங்கே எதற்கு. "நல்லவங்க" என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

இப்படி வரலாம்:

"ஆறு வருஷமா சப்ளையர் பில்லும் மாசக் கணக்கு முடிப்பும் பார்க்கிறேன். போன வருஷம் எங்க முக்கிய மூலப்பொருள் விலை 12 சதவீதம் ஏறினதை முதல்ல கவனிச்சது நான்தான். அந்த ஏற்றம் ஒரு பொருளோட அடக்க விலையில எவ்வளவு ஏறுதுன்னு கணக்கிடுறதுதான் நான் அடுத்து செய்ய விரும்புற வேலை. எங்க கம்பெனியில காஸ்டிங் தலைமை அலுவலகத்துல நடக்குது, அங்க இப்போ இடம் காலி இல்லன்னு கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். டிசம்பர்ல காஸ்டிங் பேப்பர் முடிச்சேன், ஜனவரியில சாஃப்ட்வேர் மாத்துற பொறுப்பும் முடிஞ்சது. உங்க வேலை விவரத்துல வேரியன்ஸ் அறிக்கை தொழிற்சாலையிலேயே தயாராகுதுன்னு பார்த்து விண்ணப்பிச்சேன்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிஷத்துக்குள் முடியும். "உள்ளே கேட்டீங்களா", "ஏன் இப்போ" இரண்டுக்கும் விடை உள்ளேயே வந்துவிட்டது. 12 என்பது நான் இட்ட எண், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கு வாசல் | மார்ச் 6, காலை 11.40

12 சதவீதம்னு சொல்லவே கூடாது, எந்த எண்ணா இருந்தாலும். சப்ளையர் விலை அந்தக் கம்பெனியோட உள்விஷயம். எதிரே இருக்கிறவங்க இன்னொரு உற்பத்திக் கம்பெனி, ஒருவேளை அதே சப்ளையர்கிட்ட வாங்குறவங்க. குறை சொல்றதை விட இது பெரிய தப்பு. எங்க எண்ணையும் இப்படி வெளியே சொல்லுவாரேன்னுதான் தோணும்.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 6, மதியம் 12.20

சரியான திருத்தம், என் தவறு. "போன வருஷம்" என்று தொடங்கும் அந்த வரியை எடுத்துவிட்டு, "எந்தச் செலவு எந்த பில்லில் வருதுன்னு பழகியிருக்கேன், விலை மாறும்போது முதல்ல பில்லில்தான் தெரியும்" என்று போடுங்கள். எண்ணும் இல்லை, பொருளின் பேரும் இல்லை. திறமை தெரிகிறது. அடுத்த வரியில் "அந்த ஏற்றம்" என்பதை "அந்த மாற்றம்" ஆக்கிவிடுங்கள்.

நேர்கோடு | மார்ச் 6, மாலை 7.30

இவ்வளவு சுத்தி வளைக்கிறதுக்கு "சம்பளம் கூட வேணும்"னு சொன்னா என்ன? அதுல குறையும் இல்ல, பொய்யும் இல்ல. எல்லாருக்கும் புரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 6, இரவு 9.45

பொய் இல்லைதான். சம்பளமும் ஒரு காரணம் என்றால் சம்பளம் பேசும் கட்டத்தில் தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒரே காரணமாகச் சொன்னால் மூன்றாவது பயத்துக்கு நீங்களே ஆமாம் போட்டதாகிவிடும். சம்பளத்துக்காகக் கிளம்புகிறவரை சம்பளத்தாலேயே நிறுத்திவிடலாம், அதை அவருடைய இப்போதைய கம்பெனி ஒரே நாளில் செய்யும். நிலையான வேலையில் இருப்பவருக்கு இது இன்னும் அதிகம், அவரை இழக்க அங்கே யாருக்கும் விருப்பம் இருக்காது.

வவுச்சர் | மார்ச் 7, இரவு 8.20

அதான் மூணாவது கேள்வி. "சம்பளம் கூட்டிக் கொடுத்தா இருந்துடுவீங்களா?"ன்னு கேட்டா, "இருக்க மாட்டேன்"னு அடிச்சுச் சொன்னா நம்புவாங்களா?

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 7, இரவு 9.10

அடித்துச் சொன்னால் நம்பமாட்டோம், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். காரணத்தோடு சொல்லுங்கள். "சம்பளம் கூடினா வேலை மாறாது, நான் வர்றது வேலைக்காக. காஸ்டிங்கையே கொடுத்தா யோசிக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டுத் தெரிஞ்சுகிட்ட பிறகுதான் வெளியே பார்க்கிறேன்." எது உங்களை நிறுத்தும் என்று நேர்மையாகச் சொல்கிறவரின் "சம்பளம் நிறுத்தாது" என்பதை நான் நம்புவேன்.

தெற்கு வாசல் | மார்ச் 7, இரவு 9.50

"யோசிக்க வேண்டியிருக்கும்"ங்கிற வரியை நான் சொல்லமாட்டேன். நீங்க நம்புவீங்க. இன்னொருத்தர் அதைப் பிடிச்சுகிட்டு, "தலைமை அலுவலகத்துல ஒருத்தர் வேலையை விட்டா இவர் போயிடுவார்"னு குறிச்சு வெப்பார். ரெண்டு பேர் பார்க்கிற இடத்துல அது நடக்காததும் இல்ல.

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 7, இரவு 10.15

இருக்கலாம். எதிரே இருப்பவரைப் பொறுத்தது. வவுச்சர், அந்த நடு வரி இல்லாமலும் பதில் நிற்கிறது. முதல் இரண்டு பேச்சிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும், அப்போது முடிவெடுங்கள்.

வவுச்சர் | மார்ச் 12, மாலை 6.40

முடிஞ்சது. கேள்வி வந்துச்சு, சொன்னேன். "உள்ளே கேட்டீங்களா"வும் "ஏன் இப்போ"வும் வரவே இல்ல. சம்பளக் கேள்வி வந்துச்சு, நடு வரியை விட்டுட்டுச் சொன்னேன், தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

ஆனா யாரும் இங்க சொல்லாத ஒண்ணு வந்துச்சு: "ஆறு வருஷத்துல அங்க உங்களுக்குப் பிடிக்காதது ஒண்ணு சொல்லுங்க." ஒரு நொடி திகைச்சுட்டேன். அப்புறம், "கிளையில மாசக் கணக்கை முடிச்சு அனுப்பிடுவோம், அது அங்க போய் என்ன முடிவா மாறுதுன்னு கிளையில இருந்து பார்க்க முடியாது"ன்னேன். இது குறையா?

நேர்கோடு | மார்ச் 12, இரவு 7.25

"ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்லியிருக்கலாமே?

மேசைக்கு அந்தப் பக்கம் | மார்ச் 12, இரவு 9.00

ஒன்றுமே இல்லை என்றால் "அப்புறம் ஏன் வர்றீங்க" என்று முதல் கேள்வி மறுபடி தொடங்கும். ஆறு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் நம்பவும் மாட்டார்கள். நீங்கள் சொன்னது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கிளையாக இருப்பதால் வரும் எல்லை அது, யாருடைய தவறும் இல்லை. உங்கள் மேனேஜரும் தலையாட்டுவார். நீங்கள் காஸ்டிங்குக்கு வரும் காரணமும் அதுவே, அதனால் பதில் இரண்டும் ஒரே திசையில் போகிறது. "யாரையாவது", "எப்போதும்", "எவ்வளவு சொன்னாலும்" என்ற சொற்கள் வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

அடுத்த சுற்று ஹெச்.ஆரோடு இருந்தால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். முதல் சுற்றில் நீங்கள் சொன்ன காரணத்தை ஒருவர் குறிப்பெழுதி அனுப்பியிருப்பார், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மறுபடி கேட்பார்கள். இங்கே எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுப் போங்கள்.

இரவுப்பணி | மார்ச் 13, அதிகாலை 4.50

என்கிட்டயும் நேத்து இந்த "பிடிக்காதது ஒண்ணு" கேள்வி கேட்டாங்க. ஷிப்டைத்தான் சொன்னேன். "இங்கயும் வருஷத்துல ரெண்டு மாசம் ராத்திரி வேலை வரும், பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. வேலை விவரத்துல அது இல்ல. தெற்கு வாசல் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னேன். யோசிச்சுட்டுச் சொல்றோம்னாங்க.